சனிக்கிழமைக் கச்சேரி: டிக்கெட்டில் இரண்டு நேரங்கள்

அனைவருக்கும் வணக்கம். டிக்கெட் செய்தியைத் திருத்தி அனுப்புகிறேன். பழையதை அழித்துவிடுங்கள்.

போன முறை “மாலை 6.30–7.00” என்று ஒரே வரியில் போட்டிருந்தேன். ஏழு மணிக்குள் வந்தால் போதும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஓர் அம்மா 7.05க்கு வந்து, உள்ளே வர்ணம் ஓட, கதவுக்கு வெளியே நின்றார். அது இன்னும் மனசை உறுத்துகிறது. அதனால் இப்போது தனித்தனி வரி:

அரங்கக் கதவு திறப்பு: மாலை 6.30
கச்சேரி தொடக்கம்: மாலை 7.00 சரியாக

6.30க்கு மேடையில் எதுவும் நடக்காது. டிக்கெட்டை ஸ்கேன் செய்ய, கழிப்பறைக்குப் போய்வர, இருக்கையைத் தேடி உட்காரத்தான் அந்த அரை மணி நேரம். ஏழுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் வருபவர்களை ஓர் உருப்படி முடிந்து கைதட்டும்போதுதான் உள்ளே விடுவார்கள். வர்ணம் என்றால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராகம் தானம் பல்லவி தொடங்கிவிட்டால் முக்கால் மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும்.

ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடந்து வருபவர்கள் 6.40க்கு வாசலில் இருங்கள். முதியவர்களை அழைத்து வருபவர்கள் 6.30க்கே வந்துவிடுங்கள். லிஃப்டில் வரிசை இருக்கும்.