அப்பா அனுப்பிய கட்டைவிரல்

பாப்பா,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுவாய், இப்போது 3 வாரமாக அதுவும் இல்லை, அம்மாவுக்கு மட்டும் "ம்" என்று ஒற்றை எழுத்து வருகிறது. அதை அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், அதில் என்னதான் இருக்கிறதோ. அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். நேரத்துக்குத் தூங்கு.

நீ எழுதிய அந்த விளம்பர போர்டு விஷயம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நான் நடிக்கவும் வேண்டாம், நீ மறைக்கவும் வேண்டாம். பெரியப்பா கடிகார விஷயம் மாதிரி இதையும் பத்து வருஷம் வீட்டில் யாரும் வாயைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த வரி நல்ல வரி. "கடைக்குப் போகாதீங்க, கொல்லைக்குப் போங்க!" வீட்டுத் தோட்டத்துக்கு விதைப்பெட்டி விற்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்கே வார்த்தை, பாதியில் ஒரு திருப்பம், படித்தவன் மறக்கமாட்டான். முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் சொல்கிறேன், எத்தனையோ விளம்பர வரி என் கையைக் கடந்து போயிருக்கிறது, இப்படி நாக்கில் உட்காருவது அபூர்வம். ஆனால் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டாமா? நாலு ஊர்க்காரர்களிடம், நாலு வயதுக்காரர்களிடம். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி சொன்னான், நீ அகராதி எல்லாம் பார்த்துத்தான் எழுதினாய் என்று. பார்த்திருப்பாய். 'கொல்லை' என்று தேடினால் வீட்டுக்குப் பின்புறம் என்று இருக்கும், தோட்டம் என்று இருக்கும், தப்பாக ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. தனியாகப் பார்த்தால் அந்த வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை. கொல்லையில் கீரை பறிக்கலாம், கொல்லைக் கதவைச் சாத்தலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு 'க்கு' சேர்ந்து, பக்கத்தில் 'போ' வந்தால்தான் ஆபத்து. தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லைக்குப் போவது என்றால் ஒரே அர்த்தம்தான், அதற்குக் கூடையும் கையுமாகப் போகமாட்டார்கள். நீ வார்த்தையைச் சோதித்தாய், வார்த்தைகள் சேர்ந்து நிற்பதைச் சோதிக்கவில்லை. அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது.

நம் ஜனங்கள் அந்தக் காரியத்தை அதன் பெயரால் சொல்லமாட்டார்கள் பார், போகிற இடத்தைத்தான் சொல்வார்கள். வெளிக்குப் போறது, காட்டுக்குப் போறது, ஒதுங்கப் போறது, கொல்லைக்குப் போறது. மறைப்பதற்காக ஒரு நல்ல வார்த்தையை எடுப்பார்கள், கொஞ்ச காலத்தில் அந்த வார்த்தையிலேயே நாற்றம் ஏறிவிடும், உடனே வேறொன்றைத் தேடுவார்கள். கக்கூஸ் என்பது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், அதுவும் அசிங்கமாகிவிட்டது, இப்போது பாத்ரூம். குளிக்கிற அறை என்று சொல்லிக்கொண்டு எதற்குப் போகிறோம்? ஆகவே இனிமேல் ஒரு இடத்தின் பெயர், அதன்மேல் 'க்கு', அப்புறம் 'போ', இந்த மூன்றும் ஒரு வரியில் சேர்ந்தால் பேனாவைக் கீழே வை. யாரிடமாவது கேள்.

வேடிக்கை என்னவென்றால் இதே வரி ஊருக்கு ஊர் வேறாக விழும். திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம். அங்கே காலையில் கொல்லைக்குப் போகிறவன் உழைப்பாளி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வீட்டின் பின்பக்கம் பொடக்காளி, அவர்களுக்கு கொல்லை என்பதே ஏட்டில் படிக்கிற சொல். உன் மேலதிகாரி அந்தப் பக்கத்துக்காரர் என்று சொன்னாய் அல்லவா, அவர் காதில் ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. இலங்கைத் தமிழர் ஒருவர் "வெளிக்கிட்டாச்சா?" என்று கேட்டால் புறப்படத் தயாரா என்றுதான் கேட்கிறார். இங்கே ஒரு கிராமத்துக் கிழவியிடம் கேட்டுப்பார், வேறு பதில் வரும்.

தம்பி எனக்கு அந்த நோவா கார் கதையை அனுப்பினான், உனக்கும் அனுப்பியிருப்பான், ஆறுதல் சொல்வதாக நினைப்பு. ஸ்பானிஷில் 'நோ வா' என்றால் ஓடாது என்று அர்த்தமாம், அதனால் அந்த வண்டி அங்கே விற்கவே இல்லையாம். அது கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. இரண்டாகப் பிரித்து உச்சரித்தால்தான் அந்த அர்த்தம், அப்படி யாரும் பிரித்துச் சொல்வதில்லை. நிஜமாக மாட்டியது மிட்சுபிஷியின் பஜேரோ. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு அது நேராகவே கெட்ட வார்த்தை, பிரிக்கவே வேண்டாம், அதனால் அந்த நாடுகளில் மொன்டெரோ என்று வேறு பெயர் வைத்து விற்றார்கள். உன்னுடையது இரண்டாவது ரகம். ஜனங்கள் தினமும் முழுசாகச் சொல்கிற ஒன்றை நீ அப்படியே எடுத்து போர்டில் எழுதிவிட்டாய்.

அதற்குக் கீழே "தினமும் காலையில், குடும்பத்தோடு" என்று வேறு போட்டிருந்தது. அந்தப் படத்தில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு சின்ன நீர் ஊற்றும் பாத்திரம், சிரித்த முகம். தூரத்திலிருந்து பார்த்தால் அது செம்பு மாதிரியே இருக்கிறது பாப்பா. கோபப்படாதே, உண்மையைச் சொல்கிறேன்.

இத்தனை பேர் கையைத் தாண்டி எப்படி வந்தது என்று நீயும் தூங்காமல் யோசித்துக்கொண்டிருப்பாய். ரேடியோவுக்குப் பதிவு செய்தபோது குரல் கொடுத்த பெண் மூன்று தடவை சிரித்துவிட்டாள், நாக்கு குளறுகிறது என்று சொல்லித் திரும்ப எடுத்தோம் என்று நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். அங்கேயே நின்றிருக்க வேண்டும். சிரிப்பே இல்லாத இடத்தில் ஒருத்தர் சிரித்தால் அந்த வரியில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். போர்டு கட்ட வந்த ஆள் போன் பண்ணி "இதேதானாங்க?" என்று கேட்டானாமே. அவனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில், கம்பெனிக்காரர் முன்னால், எங்கள் ஊரில் இதற்கு இதுதான் அர்த்தம் என்று. எழுத்துப்பிழை என்றால் யாரும் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். இந்த மாதிரிப் பிழை தெரிந்தவர்களின் கூச்சத்திலேயே உயிரோடு இருக்கும். அதனால் "நல்லா இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதே, நல்லாத்தான் இருக்கு என்பார்கள். "இதைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருது?" என்று கேள். தனியாகக் கேள். அவர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லி முகத்தைப் பார்.

இதையெல்லாம் அறிவுரையாக எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் நான் உட்கார்ந்தது இதை எழுத இல்லை.

அந்த வரியை நீ எனக்கு அனுப்பினாய். போர்டு ஏறுவதற்கு 9 நாள் முன்னால். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், படித்த உடனே தெரிந்துவிட்டது, ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் பிறந்து வளர்ந்த பேச்சு அது. "பாப்பா, இது வேண்டாம்" என்று அடித்தேன், அழித்தேன். படித்த பிள்ளைகள், பெரிய ஆபீஸ், இதையெல்லாம் பார்க்காமலா இருப்பார்கள், நான் போய் ஊர்நாட்டான் மாதிரி இதைச் சொல்லி உன்னிடம் நானே சின்னவனாக வேண்டுமா என்று ஒரு நினைப்பு. கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். நீ உடனே "அப்பா பாத்தாச்சுல்ல, போதும்" என்று பதில் போட்டாய். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

முப்பது வருஷத்தில் ஒரு ஒற்றெழுத்தைக்கூட விடாதவன் என்று எல்லாரிடமும் பெருமை பேசுவேன்.

உனக்கு அந்த அர்த்தம் தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம், உனக்கு ஞாபகம் இருக்காது. ஐந்து வயது, புதுப் பள்ளிக்கூடம். வகுப்பில் எழுந்து நின்று "டீச்சர், கொல்லைக்குப் போகணும்" என்று சொல்லியிருக்கிறாய். டீச்சர் சிரித்து, பிள்ளைகள் சிரித்து, நீ அழுதுகொண்டு வந்தாய். நான் அந்த டீச்சரிடம் போய் இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அந்த வார்த்தை இனி இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அப்பாயி வந்து தங்கியிருந்தபோது அவர்களிடமும் சொன்னேன், எண்பது வயதில் பாத்ரூம் என்று சொல்லப் பழகினார்கள், "பாத்துரும்" என்று வரும், நீயும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அப்படி நான் துடைத்து எடுத்ததுதான் இருபத்துநாலு வருஷம் கழித்து உனக்கு வெறும் அழகான சொல்லாக வந்து நின்றிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் அந்தப் போட்டோவைக் காட்டினார், போர்டுக்குக் கீழே யாரோ ஒருத்தன் செம்போடு நின்று எடுத்தது. எழுதியது நீ என்று அவருக்குத் தெரியாது. அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் பெண் எழுதியது என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "வரி நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

நீ பகலில் எல்லாம் வீட்டில்தான் இருக்கிறாய் என்று தம்பி ஏதோ சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே. இனி எழுதுகிற எதையும் சத்தமாகப் படித்துக் காட்டு, போன் போட்டு எனக்கே படித்துக் காட்டு, அம்மாவிடமும் கொடுக்கிறேன், அவளுக்கு என் அளவுக்கு வெட்கம் கிடையாது. ஆபீஸ் முடிந்து கூப்பிடு. பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் சரி, மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் சரி, ஏன் இந்த நேரத்தில் என்று கேட்கமாட்டேன்.

அப்பா