சோலார் வாட்டர் ஹீட்டர் வெந்நீரால் ஏற்பட்ட தீக்காயம் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சோலார் வாட்டர் ஹீட்டர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 200 லிட்டர் சோலார் ஹீட்டரில் வெந்நீர் அளவுக்கு மீறிச் சூடாவதும், அதைத் தடுக்கும் வால்வு பொருத்தப்படாததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் மொட்டை மாடியில் உங்கள் ஊழியர்கள் பொருத்தித் தந்த, வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் கொண்ட ஹீட்டரிலிருந்து வந்த நீர் பட்டு என் தாயாரின் முன்கை கொப்புளித்துவிட்டது. நாங்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிய மார்ச் மாதப் பிற்பகல் அது. அவர் கையைக் குளிர்ந்த நீரில் காட்டி, மருத்துவரிடம் அழைத்துச் சென்று வந்த பிறகு, அதே குழாயைத் திறந்து வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 78 டிகிரி செல்சியஸ் காட்டியது.

புகாரைப் பார்க்க வந்த உங்கள் தொழில்நுட்பப் பணியாளர், தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் வைக்கப்பட்டிருப்பதால் அதற்கு மேல் சூடாக வழியே இல்லை என்று எழுதிக் கொடுத்துச் சென்றார். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தெர்மோஸ்டாட் மழைக்காலத்துக்காகத் தொட்டிக்குள் வைத்திருக்கும் மின்சாரக் காயிலை மட்டுமே நிறுத்தும். வெயிலை நிறுத்தும் கருவி எதுவும் உங்கள் அமைப்பில் இல்லை. நீர் 60 டிகிரியைத் தாண்டிய பிறகும் கண்ணாடிக் குழாய்கள் வெப்பத்தைத் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

78 டிகிரி எப்படி வந்தது என்பது எளிய கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் 200 லிட்டர் நீரை ஏறக்குறைய 4.3 டிகிரி உயர்த்தும். மேகமில்லாத நாளில் இந்த அளவுள்ள அமைப்பு சுமார் 7 யூனிட் வெப்பத்தைத் தொட்டியில் சேர்க்கிறது என்று கொண்டால், காலையில் 28 டிகிரியில் இருந்த நீர் மாலைக்குள் 58-ஐத் தொடும். உங்கள் விளம்பரத் தாளில் உள்ள 60 டிகிரி இதுதான். ஆனால் அது ஒவ்வொரு நாளும் வெந்நீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரம்பும் வீட்டுக்கே பொருந்தும். யாரும் எடுக்காவிட்டால், நன்றாகக் காப்பிடப்பட்ட தொட்டியில் இரவில் ஐந்தாறு டிகிரிதான் குறையும், மறுநாள் வெயில் 52-இலிருந்து தொடங்கி 80-ஐ நெருங்கும். போதாததற்கு, சூடான நீர் எடை குறைந்து தொட்டியின் மேல்பகுதியில் தங்குகிறது, குழாய்க்கு வரும் இணைப்பும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. இன்னும் ஒரு நாள் எடுக்காமல் விட்டால் காற்றுப்போக்கியில் நீராவி வருவதைக்கூடப் பார்க்கலாம்.

இந்த வெப்பத்தில் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரமிருக்காது. 50 டிகிரி நீரில் தோல் வேகச் சில நிமிடங்கள் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடிகளே போதும், 70-ஐத் தாண்டினால் ஒரு விநாடிகூட வேண்டாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியதாக இருப்பதால் அவகாசம் இன்னும் குறைவு.

தண்ணீர் கலந்து பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றும் உங்கள் பணியாளர் சொன்னார். கையால் கலப்பதை நம்பியிருக்க முடியாது. ஒருவர் ஷவரில் நிற்கும்போது கீழ்த்தளத்தில் வேறொருவர் குழாயைத் திறந்தாலோ, ஃப்ளஷ் தொட்டி நிரம்பத் தொடங்கினாலோ குளிர்நீரின் அழுத்தம் குறைந்து, வெந்நீர் மட்டும் தலையில் கொட்டும். இதைத் தடுக்கவே தெர்மோஸ்டாடிக் மிக்சிங் வால்வு இருக்கிறது. ஹீட்டரிலிருந்து இறங்கும் குழாயில் அதைப் பொருத்தினால், இரு நீரையும் தானே கலந்து 45 டிகிரிக்குள் அனுப்பும். குளிர்நீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். தொட்டி நீரையே குறைந்த சூட்டில் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையையும் முன்வைக்க வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் என்பதால், சேமிப்பு சூடாக இருப்பதும் குழாய்க்கு வரும்போது தணிவதுமே சரியான முறை.

ஆகவே, இந்த வால்வை உங்கள் செலவில் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களுடையது உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால், வால்வு இறுகிப்போகாதிருக்க முன்னால் வடிகட்டியும், இரு இணைப்புகளிலும் நீர் எதிர்த்திசையில் பாயாமல் தடுக்கும் வால்வுகளும் வேண்டும். பொருத்திய அன்றே குளிர்நீரை அடைத்து, சில விநாடிகளில் வெந்நீர் நிற்கிறதா என்பதை என் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். வெளியூர் செல்லும்போது கண்ணாடிக் குழாய்களைத் தார்ப்பாயால் மூட வேண்டும் என்ற ஒரு வரிகூட உங்கள் பயனர் கையேட்டில் இல்லை. அதையும், தெர்மோஸ்டாட் எதைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தமிழில் அச்சிட்டு, இதே மாடலை வாங்கிய அனைவருக்கும் அனுப்ப வேண்டும்.

என் தாயாரின் மருத்துவச் செலவு ரசீதுகளை இணைத்துள்ளேன். அத்தொகையையும், பணியாளர் எழுதித் தந்த விளக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் 15 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். தவறினால், போதிய எச்சரிக்கையின்றிப் பொருளை விற்றதற்காக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்