மண்டபம் கடற்கரைக் காட்சிக்குக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். மண்டபம் கடற்கரையில் நீங்கள் நடத்தவிருக்கும், செய்த பொருளைவிடக் கருத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்துருக் கலைக் காட்சிக்கான குறிப்புகளின் முன்வரைவைப் படித்தேன். அவற்றுள் அமெரிக்கக் கலைஞர் லாரன்ஸ் வீனரின் 1968ஆம் ஆண்டுப் படைப்புக்கு எழுதப்பட்ட குறிப்பைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். காற்றில் அதிரும் கயிறுகள், அந்தியின் ஒளி, மீனவரின் துயரம் என்று அக்குறிப்பு நீள்கிறது. படைப்பு எது என்பதை மட்டும் அது எங்கும் சொல்லவில்லை.

அந்தப் படைப்பு ஒரு வாக்கியம். தரையில் சம இடைவெளியில் முளைகள் அடித்து ஒரு செவ்வகம் அமைப்பது, முளைக்கு முளை கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிப்பது, அந்தச் செவ்வகத்திலிருந்து ஒரு செவ்வகத்தை நீக்குவது: அவ்வளவே அது கூறுகிறது. முளை எந்த மரம், கயிறு எவ்வளவு நீளம், நீக்க வேண்டிய பகுதி எங்கே என்பவற்றை அது கூறவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் விண்டம் கல்லூரிப் புல்வெளியில் 1968இல் வீனர் இதை அமைத்தபோது, தங்கள் வழியில் குறுக்கிட்ட கயிறுகளை மாணவர்கள் அறுத்துவிட்டார்கள். கயிறு போன பின்னும் படைப்புக்கு எந்தச் சேதமும் நேரவில்லை என்ற முடிவுக்கு வீனர் வந்தார். கலைஞரே படைப்பைச் செய்யலாம், வேறொருவர் செய்து தரலாம், செய்யாமலும் விடலாம், மூன்றும் சமமே, எந்த நிலையில் அது இருக்க வேண்டும் என்பதைப் பெறுபவரே தீர்மானிக்கலாம் என்ற அவருடைய அறிக்கையும் அதே 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இதை நம் கரையில் வைத்துப் பாருங்கள். மண்டபத்திலும் பாம்பனிலும் பன்னிரண்டடிச் சதுர மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்ப்பதை எல்லோரும் அன்றாடம் பார்க்கிறார்கள். முளையும் கயிறும் இங்கே புதிய காட்சியல்ல. பாசிக்குக் கட்டியது என்றே வருபவர் முதலில் நினைப்பார். அவ்வாறு நினைப்பவருக்குக் கயிற்றின் அழகை எவ்வளவு வர்ணித்தாலும் வேறுபாடு விளங்காது, ஏனெனில் வேறுபாடு கயிற்றில் இல்லை. வாக்கியத்தை வாசித்த பிறகுதான் நீக்கப்பட்ட செவ்வகத்தை அவர் கண் தேடும். வேறெங்கே நீக்கியிருக்கலாம் என்றும் அவர் எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணம் எழுவதற்குக் குறிப்பு இடம் தர வேண்டும்.

மீனவரின் துயரம் என்ற பகுதி எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. கருத்து என்பதைச் செய்தி என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிழை அது. இவ்வகைக் கலை கோட்பாட்டை விளக்குவதற்கான படம் அல்ல, உள்ளுணர்வால் ஆவது என்று 1967இல் அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் தெளிவாகவே எழுதினார். கரையின் துயரம் உண்மையானது. அதைத் தனிக் கட்டுரையாக எழுதினால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன். வீனரின் வாக்கியத்தில் அது இல்லை.

என் சோதனை எளியது. குறிப்பை மட்டும் வாசித்த ஒருவர், உங்கள் காட்சியைப் பார்க்காமலேயே, தொண்டிக் கரையில் அதே படைப்பைச் செய்ய முடிய வேண்டும். முடியாவிட்டால் குறிப்பில் கருத்து விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை எல்லாக் கருத்துருப் படைப்புக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியக் கலைஞர் ஆன் கவாரா 1966 முதல், வரையும் நாளின் தேதியை மட்டுமே தீட்டி வரைந்த தேதி ஓவியங்களில், அந்தத் தேதிக்குரிய நாளுக்குள் முடியாத ஓவியம் அழிக்கப்படும் என்பதே விதி. அங்கே அவருடைய கையும் அந்த நாளும் கருத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இன்னொருவர் இன்னொரு நாளில் வரைந்தால் அது அந்தப் படைப்பாகாது. ஆகவே அத்தகைய படைப்புக்கு, எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதைக் குறிப்பு சொன்னால் போதும்.

வீனரின் படைப்புக்கு நான் எழுதியிருந்தால் முதலில் அந்த வாக்கியத்தை முழுமையாகத் தனிப் பத்தியில் வைத்திருப்பேன். அடுத்து, கலைஞரின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துவிட்டு, இங்கே அதைக் கட்டியவர்களின் பெயர்களைச் சேர்த்திருப்பேன். அதன் பிறகு, வாக்கியம் சொல்லாமல் விட்டவற்றில் நீங்கள் எடுத்த முடிவுகள் வர வேண்டும்: உலர்மணலில் முளை நில்லாததால் ஈரமணல் வரை இறங்கினீர்கள் என்றால் அது, சணல் கயிற்றைத் தேர்ந்தீர்கள் என்றால் அது, எந்த மூலையை நீக்கினீர்கள், ஏன் என்பது. இவை உங்கள் முடிவுகள் என்றே எழுதுங்கள், வீனரின் முடிவுகள் போலத் தோன்றும்படி எழுதாதீர்கள். அலை வந்து முளைகளைச் சாய்த்துவிட்டால் படைப்பு அழிந்தது என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டாம். கட்டியது சாய்ந்த நாளைக் குறிப்பின் அடியில் சேர்த்தால் போதும்.

அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமெனில் நானும் உடன் அமர்ந்து எழுதுவேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து உங்கள் பார்வையாளர் ஒருவர்