லைன் வீட்டு உரிமையாளர்களுக்கு: பாத்ரூம் பிளக்குக்கு உண்மையான எர்த் கொடுங்கள்

மண்டபம் பக்கம் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஆனால் "தண்ணி காய்ச்சுற ராட் எரிஞ்சு போச்சு, அதான் ஷாக்" என்று வந்திருக்கும். அது இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு இருபது நாள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க சுடுதண்ணி" என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு, சரி, பச்சைப் பிள்ளையைக் கடல்காற்றில் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டிப் பாருங்கள். அன்று காலை பிளாஸ்டிக் வாளியில் ராட் போட்டிருந்தோம். காற்று பலமாக இருந்தது, திடீரென்று வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. அவள் விவரமானவள், ராட் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சூடு பார்க்கக் கையை விட்டாள். கரண்ட் இல்லாத வீட்டில், அணைத்த சுவிட்சில், அவளைத் தூக்கி அடித்தது. நல்லவேளை, குழந்தையை அம்மா இன்னும் அறையிலிருந்து தூக்கி வரவில்லை.

எலக்ட்ரீஷியன் முதலில் ராட்டைத்தான் பார்த்தார். 1500 வாட் ராட் என்றால் பிளக்கின் இரண்டு சின்ன பின்களுக்கு நடுவே சுமார் 35 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சின்ன பின்களுக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே தொடர்பே இருக்கக்கூடாது, தண்ணீரில் ஊறவைத்து, கசிவு பார்க்கும் மெக்கரிலும் பார்த்தார், இல்லை. எரிந்த ராட் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? இந்த ஊர் உப்புத் தண்ணீரில் எங்கள் பழைய ராட் அப்படித்தான் போனது. சுருளில் சுண்ணாம்பு மாதிரி தடிமனாகப் படிந்து, சூடு வெளியே போக வழியில்லாமல் ஒரு வளைவு உப்பி, அங்கே கறுப்புப் புள்ளியும் மயிரிழை விரிசலும் விட்டது. அந்த ஒரு இடத்தில் மட்டும் புஸ்ஸென்று குமிழி வரும், வாளித் தண்ணீரைத் தொட்டால் கை லேசாக விறுவிறுக்கும். அன்றே தூக்கிப் போட்டோம். இப்போது இருப்பது நல்ல ராட்.

பிறகு மெயினை அணைத்து பிளக் பெட்டியைத் திறந்தார். எர்த்துக்கான மேல் ஓட்டைக்கு எங்கிருந்தும் கம்பி வரவில்லை. அதற்கு பதிலாக நியூட்ரல் திருகிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டுக்கம்பி! "பல்பு போட்டுக் காட்டினேனே, எர்த் நல்லா எரியுதே" என்று அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? எரியத்தான் செய்யும், அது எரிந்தது நியூட்ரலில்.

மெயின் பெட்டியில் நியூட்ரல் திருகு உப்புக்காற்றில் பச்சை பூத்து, அன்றைய காற்றில் கம்பி கழன்றிருக்கிறது. வீடு இருண்டதே ஒழிய பேஸ் கம்பியில் கரண்ட் அப்படியே இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்த ஃபேனும் ஃபிரிட்ஜும் வழியாக அது நியூட்ரலுக்குள் வந்து, உங்கள் ஒட்டுக்கம்பியில் ஏறி, ராட்டின் குழாய்க்கே போய்விட்டது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், எர்த் கம்பியை வெட்டாது. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாதுகாப்புக்கென்று இருக்கிற கம்பிதான் கரண்டைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: உண்மையான எர்த். மூன்றடிக் கம்பியை வாசல் மணலில் குத்திவிட்டுப் போவது எர்த் ஆகாது, காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. இரண்டரை மீட்டர் ஜிஐ குழாயை ஈரம் தட்டும் ஆழத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு பாத்ரூம் பிளக்குக்கும் தனிக் கம்பி வர வேண்டும். இங்கே உப்பு குழாயையும் அதன் போல்டையும் தின்னும், வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒட்டுக்கம்பிகளை எடுத்த பிறகு கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று போடுங்கள். ராட் விரிசல் விட்டால் கசியும் கரண்ட் எர்த்தில் இறங்கும், யாரும் கை வைப்பதற்கு முன்பே ஆர்சிசிபி விழுந்து கரண்டை வெட்டிவிடும். ஒட்டுக்கம்பி இருந்தால் அந்தக் கசிவு நியூட்ரலிலேயே திரும்பிவிடும், ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது.

பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறீர்கள், பொங்கலுக்கு முன்வாசலுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கிறீர்கள், சுவரில் ஆணி அடித்தால் ஆள் அனுப்பி எண்ணுகிறீர்கள். அந்த எண்ணிக்கையில் எர்த் கம்பியையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து உண்மையான எர்த் போட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டுச் செலவை வேண்டுமானால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.

அதுவரை கொல்லையில் கருவேல விறகு வைத்துத்தான் தண்ணீர் காய்ச்சுகிறோம். சுவரில் கரி படிகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வீட்டுக்காரன்