லெட்சுமியின் எகரத்தை அடிக்க வேண்டாம்

திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பிறப்புப் பதிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

சேர்க்கைப் படிவத்தில் தகப்பனார் 'ராமலெட்சுமி' என்று எழுதித் தந்த பெயரை, 'லெ' கொச்சை என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்து 'ராமலட்சுமி' ஆக்கிய ஒரு பள்ளியை நான் அறிவேன். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் மதிப்பெண் பட்டியலில் இன்னொன்றுமாக அந்தப் பெயர் நின்றுவிட்டதால், அப்பெண் பின்னாளில் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது.

திருத்தியவர் எழுதிய 'லட்சுமி'யும் வடமொழி வடிவம் அன்று. நன்னூல் சொல்லும் வழியில் லக்ஷ்மி என்பது லகரத்துக்கு முன் இகரம் பெற்று, க்ஷ என்பது ககர இரட்டையாகி, மகரத்துக்கு முன் உகரம் ஏற்று 'இலக்குமி' ஆகும். 'ட்ச' என்பது வழக்கில் வேரூன்றிய வேறொரு தமிழாக்கமே. ஒரு தமிழாக்கத்தை அடித்து மற்றொன்றை எழுதுவதைப் பிழைதிருத்தம் என்று எப்படிச் சொல்வது?

எகரமும் தற்செயலாக வந்ததன்று. நம் பக்கத்தில் ரங்கன் ரெங்கன் ஆகிறார், ஜகதீசன் ஜெகதீசன் ஆகிறார், கங்கை கெங்கை ஆகிறாள், தட்சிணாமூர்த்தி தெட்சிணாமூர்த்தி ஆகிறார். ஆனால் கமலாவை யாரும் கெமலா என்பதில்லை. சந்திரன் செந்திரன் ஆவதில்லை. கங்கையின் முதலெழுத்து வடமொழியில் அதிர்ந்து ஒலிக்கும் ககரம். கமலாவினுடையது அதிராத ககரம். தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே 'க'வாக எழுதுகிறது. அதிரும் வல்லெழுத்தையோ ர, ல என்பவற்றையோ அடுத்து வரும் குறில் அகரம்தான் பேச்சில் எகரமாகத் திரிகிறது. எழுத்தில் மறைந்துபோன அந்த வேறுபாட்டை இந்த எகரம் இன்னும் காத்துவருகிறது என்பதே எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுகிறது. நெடில் திரிவதில்லை என்பதால் ராமனும் ராதாவும் அப்படியே நிற்கிறார்கள். குறிலிலும் எல்லாப் பெயரும் இதற்கு உட்படுவதில்லை. பத்திரகாளி பெரும்பாலும் பத்திரகாளியாகவே எழுதப்படுகிறாள்.

ஆகவே இலக்குமி, இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி ஆகிய நான்கையும் ஒரே பெயரின் முறையான வடிவங்களாக ஏற்று, பெற்றோர் எழுதித் தரும் வடிவத்தை எழுத்து மாறாமல் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐயம் எழுந்தால் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். சான்றிதழே இன்னும் எழுதப்படவில்லை என்றால், எழுதும் முன் பெயரைப் பெற்றோரிடம் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பழைய பதிவேட்டில் பெயர் தேடும்போது லகர வரிசையில் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாமல், இகர வரிசையிலும் ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியர்