வீட்டுக்குள் வரும் தேரை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து வீட்டுக்கே போய்க் கேட்டேன். காய்ச்சல் இல்லை. இரவில் குளியலறைக்குப் போனபோது சுவரிலிருந்து ஒரு தவளை பிள்ளையின் முதுகில் குதித்துவிட்டதாம். "தேரை பாய்ந்துவிட்டது சார், உடம்பு இளைத்துவிடும்" என்று சொல்லி, பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டி வீட்டிலேயே உட்கார வைத்திருந்தார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள், பயம்தான் இருந்தது. மறுநாள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் தேரை விஷத்தைத் துப்பும் என்றார்கள், தொட்டால் மரு வரும் என்று மீதிப் பேர். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், தேரை என்று நாம் சொல்வது ஒரே பிராணியை அல்ல. பாடப்புத்தகத்தில் தேரை என்றால் தரையில் தத்தித் தத்திப் போகும், முதுகெல்லாம் சொறி சொறியாக இருக்கும் தடித்த பிராணி. சொறித்தவளை என்றும் சொல்வோம். ஆனால் அந்தப் பிள்ளையின் முதுகில் குதித்தது மரத்தவளை. மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், விரல் நுனியில் பொட்டு மாதிரி வட்டமான ஒட்டும் தகடுகள். அதனால்தான் வழுக்கும் டைல்ஸ் சுவரிலும் ஏறி வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இந்த மரத்தவளை கடிக்காது, மேலே குதித்தாலும் ஒன்றும் ஆகாது. குதித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். தவளைத் தோலில் சில கிருமிகள் இருக்கலாம் என்பதால்தான் கழுவச் சொல்கிறேன்.

"தேரை பாய்ந்த பிள்ளை" என்ற பேச்சுக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் விலா எலும்பு தெரியும், பிட்டத்துத் தோல் தொங்கும், எடை ஏறாது. இந்த நிலைக்குத்தான் முன்னோர் அந்தப் பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணம் தவளை அல்ல, சத்துக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, கவனிக்காமல் விட்ட நோய். அங்கன்வாடியில் குழந்தையின் மேல் கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான சத்துக்குறைவு என்று அர்த்தம். அந்தக் குழந்தைக்குக் கயிறு போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு கட்ட வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டால் கட்டட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, சொறித்தேரைக்கு வருவோம். இதனிடம் விஷம் உண்டு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரை விதை மாதிரி புடைத்த சுரப்பி இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அதை அழுத்தினாலோ ஏதாவது கடித்தாலோ பால் போன்ற பசை கசியும். அரளி விதையில் இருப்பதைப் போலவே இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. ஆனால் தேரை அதை நம் மேல் துப்புவதில்லை. கையில் பிடித்தால் பீய்ச்சும் தண்ணீர் அதன் சிறுநீர், விஷம் இல்லை. மரு வருவது ஒரு வைரஸால், மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் அது தொற்றும். தேரை முதுகில் இருப்பது மருவே அல்ல, அவையும் சுரப்பிகள்தான்.

அந்தப் பசை என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். போன ஐப்பசியில் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். வாசல் விளக்கடியில் ஈசல் கொட்டிக் கிடந்தது, அதைத் தின்ன ஒரு தேரை வந்து உட்கார்ந்தது. எங்கள் நாய் போய் ஒரே கவ்வாகக் கவ்வியது. அரை நிமிடத்தில் தேரையைத் துப்பிவிட்டுத் தலையை உதறியது, வாயெல்லாம் நுரை, முன்காலால் வாயைப் பிறாண்டியது. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் கடைவாய் வழியாக வெளியே வடியும்படி டியூப் தண்ணீர் விட்டோம். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்தோம். பத்து நிமிடம் அப்படிச் செய்தபிறகு நுரை குறைந்தது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பால் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றவில்லை. நாய் தள்ளாடினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, இழுப்பு வந்தாலோ கழுவிக்கொண்டே இருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மனிதருக்கும் இதே கணக்குதான். கையில் பட்டால் சோப்பு. கண்ணில் பட்டால் எரியும், சிவக்கும். சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடம் கண்ணில் விடுங்கள், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ வேண்டாம். எரிச்சல் அடங்காவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்பது தேரையைத் தின்றால்தான். மருந்து என்று நினைத்துச் சமைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தவழும் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாயைத் துடைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே தேரையை மிதிப்பதும், விளக்குமாற்றால் அடித்து நசுக்குவதும்தான் விஷத்தை வெளியே வரவழைக்கிற வேலை. உப்பைத் தூவுவது இன்னும் மோசம். தவளை இனம் தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, உப்பு பட்டால் துடிதுடித்துச் சாகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை மெல்ல நுழைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் விடுங்கள். அரை நிமிட வேலை.

ஆனால் விட்டது மறுநாளும் வரும். ஏனென்றால் அது நம்மைத் தேடி வருவதில்லை, விளக்குக்கு வரும் பூச்சியைத் தேடி வருகிறது. பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, கதவின் அடியில் உள்ள இடைவெளியில் பழைய சாக்கைச் சுருட்டி வையுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்கும் வென்டிலேட்டருக்கும் வலை அடியுங்கள்.

இதில் நான் உண்மையிலேயே கவலைப்படுவது தவளையைப் பற்றி அல்ல, அதைத் தேடி வருவதைப் பற்றி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மழை ராத்திரியில் கத்துகிற தவளையைத் தேடி நல்ல பாம்பும் வாசல் வரை வரும், தேரையையும் அது தின்னும். இருட்டில் வெளியே போகும் பிள்ளையின் கையில் டார்ச் கொடுங்கள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறாமல், கட்டாமல், நேரே அரசு மருத்துவமனை.

அப்புறம், தண்ணீர்ப் பாட்டிலில் தேரையை அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுவரும் வழக்கத்தை ஐந்தாம் வகுப்பு வீரர்கள் நிறுத்த வேண்டும், வீட்டிலும் சொல்லிவையுங்கள். வீட்டுத் தொட்டிக்கு மேலே சுவரில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி ஒட்டியிருந்தால் சுரண்டிப்போட வேண்டாம். பெண் மரத்தவளை பின்னங்காலால் அடித்து அடித்துச் செய்த முட்டைக் கூடு அது. குடிதண்ணீர்த் தொட்டி என்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து அட்டையில் ஏந்திக் குட்டையோரம் வைத்துவிடுகிறேன். அதிலிருந்து தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுவதை வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.

அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை திங்கட்கிழமை வந்துவிட்டாள், கையில் கயிறோடு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்