கொள்முதல் பிரிவு நண்பர்களுக்கு ஒரு மடல்: அந்த நாலு காகிதத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்

அன்புள்ள கொள்முதல் பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். புது சப்ளையர்களின் விவரத்தைக் கணினியில் ஏற்றும் மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். நீங்கள் விலை பேசி முடித்ததும், "இவங்களை இன்னிக்கே ஏத்திடுங்க, ஆர்டர் போகணும்" என்று ஒரு மின்னஞ்சல் தட்டி விடுவீர்களே, அது வந்து விழும் இடம். உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சலோடு நீங்கள் இணைத்து அனுப்பும் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் சப்ளையருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "நிறுவனப் பதிவு, வரி, வங்கி விவரம், தரச் சான்றிதழ் அனைத்தையும் அனுப்பவும்." அவர்களும் கையில் இருப்பதையெல்லாம் அள்ளி அனுப்பி விடுகிறார்கள். நாலு தலைப்புக்கு நாலு கோப்பு வந்துவிட்டதா, சரி, வேலை முடிந்தது என்று எனக்கு அனுப்பி விடுகிறீர்கள். வந்த காகிதங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு யாரும் படிப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் நாலும் சுத்தமாகத்தான் இருக்கும். சேர்த்து வைத்தால்தான் இடிக்கும்.

ஒரு கோப்பைச் சொல்கிறேன். பவர் அடாப்டர் விற்கும் ஒரு நிறுவனம். பேச்சு முடிந்து, 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டருக்கு ஆர்டர் தயாராக இருந்தது. கோப்பைத் திறந்து, நான் எப்போதும் செய்கிற மாதிரி, நாலு காகிதத்திலும் இருந்த பெயரை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதினேன். பதிவுச் சான்றிதழில் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர். வரிச் சான்றிலும் அதே பெயர். வங்கிக் கடிதத்தில் அவர்கள் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளும் சின்னப் பெயர். பொருள் சான்றிதழில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒரு பெயர்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஆனால் அந்த வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்துக்கு ஒரு காகிதமும் இருக்க வேண்டும். வர்த்தகப் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பது பல இடங்களில் சாதாரணம். அந்த வர்த்தகப் பெயர் இந்த நிறுவனத்துடையதுதான் என்று பதிவுத் துறையிலோ வரித் துறையிலோ பதிவாகியிருந்தால் அதன் நகல் போதும். இல்லையென்றால், கணக்கு எந்தப் பதிவு எண் கொண்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று வங்கியே எழுதித் தர வேண்டும். மூன்றாவது பெயர், அடாப்டரைச் செய்யும் தொழிற்சாலை. நமக்கு விற்கும் இந்தச் சப்ளையர்கள் வாங்கி விற்பவர்கள். அப்படியானால் அந்தத் தொழிற்சாலை, "எங்கள் பொருளை விற்க இவர்களுக்கு அனுமதி உண்டு" என்று தன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தர வேண்டும். இரண்டுமே மூன்று நாளில் வந்து சேர்ந்தன. பெயர்ச் சிக்கல் அத்தோடு முடிந்தது.

பெரிய சிக்கல் சான்றிதழுக்குள் இருந்தது. அவர்கள் மூன்று காகிதம் அனுப்பியிருந்தார்கள். முதலாவது ஐ.எஸ்.ஓ 9001. இதைப் பார்த்ததும் உங்களில் பலர் "சான்றிதழ் உண்டு" என்று குறித்துக்கொள்கிறீர்கள். அது நிறுவனம் தன் வேலையை நடத்தும் முறைக்கான சான்றிதழ், அடாப்டருக்கானது இல்லை. அடாப்டர் சூடாகித் தீப்பிடிக்காது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. அதிலும் "செயல்பாட்டு எல்லை" என்று ஒரு வரி உண்டு, அதைப் படியுங்கள். இவர்களுடையதில் "மின்னணுப் பொருட்களின் வர்த்தகம்" என்று இருந்தது. அதாவது விற்பனை அலுவலகத்தைத் தணிக்கை செய்திருக்கிறார்கள், தொழிற்சாலையை அல்ல. (இடையில் ஒன்று: ஐ.எஸ்.ஓ என்ற அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது தனித் தணிக்கை நிறுவனங்கள். "ஐ.எஸ்.ஓ அமைப்பே வழங்கியது" என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பாருங்கள்.)

இரண்டாவது, ஒரு பக்கச் சான்றிதழ். மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் "இணைப்பில் காண்க" என்று மட்டும் இருந்தது. இணைப்பு வரவில்லை. மூன்றாவது டெஸ்ட் ரிப்போர்ட், அதுவும் முதல் பக்கம் மட்டும். மூலையில் "பக்கம் 1 / 46" என்று அச்சாகியிருந்தது. மீதி 45 பக்கம் எங்கே என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டேன், முழுசாக வந்தது. உள்ளே சோதித்த பொருளின் புகைப்படம் இருந்தது, அதன் முதுகில் ஒட்டிய லேபிளும் தெளிவாகத் தெரிந்தது. 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 24 வாட். நாம் வாங்கப்போவது 60 வாட். இணைப்பில் இருந்த மாடல் பட்டியலும் 2 ஆம்பியரோடு நின்றுவிட்டது. 24 வாட்டில் தேறிய வடிவமைப்பு 60 வாட்டிலும் தேறும் என்று எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது. உள்ளே ஓடும் மின்சாரம் கூடினால் வெப்பமும் கூடும், டிரான்ஸ்ஃபார்மரும் வேறாக இருக்கும். "இந்த முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்று ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி இருக்கிறது.

இங்கே சப்ளையரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மாடலுக்குச் சான்று வேண்டும் என்று நாம் எழுதவே இல்லை. இருந்ததை அனுப்பினார்கள். பிறகு மாடல் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டபோது 60 வாட்டுக்கான ரிப்போர்ட் தனியாக இருந்தது, வந்தது. மொத்தம் பதினொரு நாள் தள்ளிப்போனது. முதல் கடிதமே சரியாக இருந்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

அதனால் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: "நாங்கள் வாங்கப்போவது இந்த மாடல், இந்த அளவு. இதே மாடல் எண் உள்ள டெஸ்ட் ரிப்போர்ட்டை, இணைப்புகள் உட்பட எல்லாப் பக்கங்களோடும் அனுப்புங்கள். சோதனைக்கூடத்தின் பெயரும் ரிப்போர்ட் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும்." அந்த எண் எதற்கு என்றால், நான் சோதனைக்கூடத்திடமே கேட்பேன். ரிப்போர்ட் அவர்கள் கொடுத்ததுதானா என்பதும், சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 17025 அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் சேர்த்து இருக்கிறதா என்பதும் அங்கே கேட்டால் தெரியும். அங்கீகாரம் கூடத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியலோடு வருவது.

பதிவு, வரி இரண்டிலும் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. அரசுப் பதிவேட்டில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நகலை நம்பாமல் பதிவேட்டைப் பாருங்கள், நிறுவனம் இப்போதும் செயல்பாட்டில் இருக்கிறதா என்ற வரியையும் பாருங்கள். மூடிவிட்ட நிறுவனத்தின் சான்றிதழ் நகலும் நகல்தான், அழகாகவே இருக்கும்.

வங்கி விவரம் வேறு கதை. மற்ற மூன்றிலும் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம். இதில் தப்பு நடந்தால் பணம் போய்விடும்.

என் மேசையில் ஒரு தடவை நடந்தது. சப்ளையர் கோப்பு திங்கட்கிழமை வந்தது, வங்கிக் கடிதமும் இருந்தது. புதன்கிழமை இன்னொரு மின்னஞ்சல்: "அந்தக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதுக் கணக்கைப் பதிவு செய்யுங்கள்." பழைய உரையாடலின் கீழேயே வந்திருந்தது, கையெழுத்து வரி, லோகோ எல்லாம் அப்படியே. அனுப்பியவர் முகவரியில் மட்டும் `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருந்தது. திரையில் சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நானும் முதலில் கவனிக்கவில்லை. புதுக் கணக்கு இருந்த வங்கியைக் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டைப் பார்த்தபோதுதான் உறுத்தியது. அதில் ஐந்தாவது, ஆறாவது எழுத்து நாட்டைக் குறிக்கும். சப்ளையர் பதிவாகியிருந்த நாடு வேறு, இது வேறு.

உடனே போன் செய்தேன். எந்த எண்ணுக்கு என்பதுதான் இங்கே விஷயம். அந்த மின்னஞ்சலின் கீழே ஒரு எண் இருந்தது. அதற்கு அடித்திருந்தால் மோசடிக்காரனே எடுத்து "ஆமாம் சார், நாங்கதான்" என்று சொல்லியிருப்பான். பதிவேட்டில் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பெண்மணிக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் போனதே தெரியவில்லை. அவர்களுடைய அஞ்சல் பெட்டிக்குள் யாரோ நுழைந்திருந்தது அன்றுதான் அவர்களுக்கும் தெரிய வந்தது.

"சின்னத் தொகை ஒன்று அனுப்பிப் பார்க்கலாமே" என்று உங்களில் ஒருவர் அப்போது சொன்னார். அனுப்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும், வந்துவிட்டது என்று பதிலும் வந்திருக்கும், அதே போலி முகவரியிலிருந்து. கணக்கு இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, யாருடையது என்பதற்கு அல்ல. ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்த இரண்டு இலக்கம் சரிபார்ப்புக்காக வைத்தது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் பிடித்துவிடும். திருடனின் எண்ணைச் சரியாக அடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே கணக்கு விவரம் வந்ததும், நீங்கள் யாரும் மின்னஞ்சலில் "உறுதி செய்யவும்" என்று பதில் போட வேண்டாம். வெளியிலிருந்து கிடைத்த எண்ணில் நாங்கள் கூப்பிடுவோம். கணக்கு எண்ணை நாங்கள் வாசித்து "சரியா?" என்று கேட்காமல், அவர்களை வாசிக்கச் சொல்வோம். ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். முக்கால்வாசி நாள் இது அரை மணி நேர வேலைதான்.

இன்னொன்று, கேட்கக் கூடாததைக் கேட்காதீர்கள். போன மாதம் ஒரு சப்ளையரிடம் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டிருக்கிறீர்கள். பாவம், அவரும் அனுப்பி விட்டார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது, நம் ஊழியர் பன்னிரண்டு பேர் கையில் சுற்றியது. கணக்கின் பெயரும் எண்ணும் இருக்கும் வங்கிக் கடிதம் ஒன்றே போதும். அந்த ஸ்டேட்மென்டை அழித்துவிட்டேன். உங்கள் அஞ்சல் பெட்டியிலும் இருக்கிறது, தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இப்போது என் மேசையில் ஐந்து கோப்புகள் காத்திருக்கின்றன. மூன்றில் மாடல் எண் இல்லை. இன்று மாலைக்குள் அனுப்பினால் நாளை காலையில் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
சப்ளையர் பதிவு மேசையிலிருந்து உங்கள் சக ஊழியன்